தனித்தனியாகவா, ஒரே சேரவா? போர்ட்ஃபோலியோவை உலுக்கிப் பார்க்க மூன்று வழிகள்

நாணய நகர்வால் வரும் இழப்பை ஈடுகட்ட எதிர் ஒப்பந்தம் போட்டு, முழுக்க ஹெட்ஜ் செய்த ஒரு போர்ட்ஃபோலியோவின் மேல் நாணய அதிர்ச்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். திரையில் பூஜ்யம் வரும். வெளிநாட்டு நாணயம் 20% ஏறினாலும் பூஜ்யம், 20% விழுந்தாலும் பூஜ்யம். நாணய ரிஸ்க் இல்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நானும் சில காலம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பூஜ்யம் பொய் என்பது பங்குச் சரிவையும் நாணய நகர்வையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான் தெரிந்தது.

நிலையான அதிர்ச்சிகளை வைத்துச் சோதிப்பது எளிய வேலை. பங்குகள் இவ்வளவு விழட்டும், வட்டி இவ்வளவு நகரட்டும், நாணயம் இவ்வளவு நகரட்டும் என்று மூன்று எண்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறோம். 1995-ல் அமெரிக்காவின் ஆறு பெரிய முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து இப்படி ஒரு பொதுப் பட்டியலையே வெளியிட்டன. பங்குக் குறியீடு 10% மேலும் கீழும், வட்டி ஒரு சதவீதப் புள்ளி மேலும் கீழும், முக்கிய நாணயங்கள் 6%, மற்றவை 20% என்று போனது அந்தப் பட்டியல். அளவுகள் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. மூன்று அதிர்ச்சிகளுக்கும் மூன்று விடைகள் வந்த பிறகு, அவற்றை எப்படி ஒன்று சேர்ப்பது?

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. தனித்தனியாகப் போட்டு, இழப்புகளைக் கூட்டிவிடுவது முதல் வழி. தனித்தனியாகப் போட்டு, இரண்டு காரணிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் கோரிலேஷனை வைத்து வர்க்கமூலச் சூத்திரத்தில் இணைப்பது இரண்டாவது. மூன்று அதிர்ச்சிகளையும் ஒரே சேரப் போட்டு, ஒவ்வொரு சொத்தையும் புதிதாக மதிப்பிடுவது மூன்றாவது. ஒரே போர்ட்ஃபோலியோவில் மூன்றையும் ஓட்டிப் பார்ப்போம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்டது

மொத்தம் 1,000 அலகுகள், எல்லாம் உள்நாட்டு நாணயத்தில். உள்நாட்டுப் பங்குகள் 350, வெளிநாட்டுப் பங்குகள் 250, உள்நாட்டு அரசுப் பத்திரங்கள் 350, ரொக்கம் 50. வட்டி ஒரு புள்ளி நகர்ந்தால் பத்திர விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் நகரும் என்று சொல்லும் மாடிஃபைடு டியூரேஷன் 7, பெரிய நகர்வுகளில் அந்தக் கணக்கைத் திருத்தும் கான்வெக்ஸிட்டி 60.

இதை இரண்டு வடிவங்களில் வைத்துக்கொள்வோம். முதலாவதில் வெளிநாட்டுப் பங்குகளுக்கு ஹெட்ஜ் கிடையாது. இரண்டாவதில் அதே 250-க்கும் வெளிநாட்டு நாணயத்தை ஃபார்வர்டில், அதாவது இன்றே விலை பேசிப் பின்னொரு தேதியில் முடிக்கும் ஒப்பந்தத்தில், விற்று வைத்திருக்கிறோம். எடுக்க வேண்டிய முடிவு இதுதான்: ஹெட்ஜ் வேண்டுமா, வேண்டாமா?

அதிர்ச்சிகள்: பங்குகள் 30% சரிவு, வட்டி 2 சதவீதப் புள்ளி ஏற்றம் அல்லது இறக்கம், வெளிநாட்டு நாணயம் 20% ஏற்றம் அல்லது இறக்கம்.

முதலில் தனித்தனியாக. பங்குச் சரிவில் உள்நாட்டில் 105, வெளிநாட்டில் 75, ஆக 180 போகிறது. வட்டி 2 புள்ளி ஏறினால், டியூரேஷனை மட்டும் பார்த்தால் பத்திரங்கள் 14% விழ வேண்டும். கான்வெக்ஸிட்டி அதில் 1.2% திருப்பித் தருகிறது. மீதி 12.8%, அதாவது ஏறக்குறைய 45 அலகுகள். நாணயம் 20% விழுந்தால் ஹெட்ஜ் இல்லாததில் 50 போகும். ஹெட்ஜ் உள்ளதில் பங்கில் போகும் 50-ஐ ஃபார்வர்டு கொடுத்துவிடும், ஆக பூஜ்யம். இந்த விடைகள் மூன்று வழிக்கும் பொது. இதற்கு மேல்தான் பாதைகள் பிரிகின்றன.

கூட்டல் வழி

ஹெட்ஜ் இல்லாததற்கு 180, 45, 50 சேர்ந்து 275. ஹெட்ஜ் உள்ளதற்கு 180, 45 சேர்ந்து 225. ஹெட்ஜ் செய்தால் 50 மிச்சம். முடிவு எடுத்தாயிற்று, கூட்டம் முடிந்தது.

இந்த வழியை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். ஒரு தாளில் போட்டுவிடலாம், யாருக்கும் விளக்கிவிடலாம், எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பமே இல்லை. எல்லாக் கெட்டதும் ஒரே நாளில் நடக்கும் என்று எடுத்துக்கொள்வதால் விடை எப்போதும் உண்மையைவிடக் கடுமையாகவே இருக்கும் என்பது இதன் மேல் பலருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

கோரிலேஷன் வழி

எல்லாம் ஒரே நேரத்தில் அதே கடுமையோடு நடக்காது என்று இந்த வழி வாதாடுகிறது. இழப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி, ஒவ்வொரு ஜோடிக்கும் கோரிலேஷனுக்கு ஏற்ற தொகையைச் சேர்த்து, வர்க்கமூலம் எடுக்கிறது. ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்களுக்கான சால்வன்சி 2 விதிகளின் ஸ்டாண்டர்டு ஃபார்முலா இந்த வகைதான். அதில் நாணயத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே 0.25. பங்குக்கும் வட்டிக்கும் இடையே, வட்டி இறங்கினால் அடிபடும் நிறுவனத்துக்கு 0.5, வட்டி ஏறினால் அடிபடும் நிறுவனத்துக்கு 0.

நம் போர்ட்ஃபோலியோ வட்டி ஏறினால் அடிபடுவது. அதனால் அந்த ஜோடிக்கு 0 என்றே வைத்துப் போட்டால், ஹெட்ஜ் இல்லாததற்கு 206 வருகிறது, ஹெட்ஜ் உள்ளதற்கு 186. வித்தியாசம் 20-தான்.

இரண்டு எண்களும் பார்க்க இதமாக இருக்கின்றன. ஆனால் அந்த 0-வைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். 2008-ல் எஸ்&பி 500 குறியீடு ஏறக்குறைய 38% விழுந்தது; பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்தின் வட்டி 4 சதவீதத்தை ஒட்டிய இடத்திலிருந்து 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை இறங்கியது. பங்கில் விட்டதில் ஒரு பகுதியைப் பத்திரம் மீட்டுக் கொடுத்தது. 2022-ல் அதே குறியீடு 19% விழுந்தபோது, அதே வட்டி 1.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்தின் பக்கம் ஏறியது. இரண்டும் ஒரே சேர அடித்தன. ஒரு வருடத்தில் ஒரு குறி, இன்னொரு வருடத்தில் எதிர்க்குறி. இரண்டையும் கலந்து நடுவில் 0 என்று எழுதினால், அது 2008-க்கும் பொருந்தாது, 2022-க்கும் பொருந்தாது.

நூற்றுக்கணக்கான ரிஸ்க் காரணிகளை ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கு இந்த வழியில் அர்த்தம் இருக்கிறது. அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. மூன்றே காரணிகள் உள்ளவர் இதை ஏன் எடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரே சேர அடிக்கும் வழி

இங்கே இழப்புகளைக் கூட்டுவதில்லை. விலைகளை மாற்றிவிட்டு ஒவ்வொரு சொத்தையும் மறுபடி எடை போடுகிறோம். மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, ஆக எட்டு காட்சிகள். பங்கு ஏறும் நான்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால் மீதி நான்கு.

ஹெட்ஜ் இல்லாததை முதலில் எடுப்போம். பங்கு 30% விழுகிறது, நாணயமும் 20% விழுகிறது. வெளிநாட்டுப் பங்கு 250 முதலில் 175 ஆகிறது. அந்த 175-ன் மேல்தான் நாணயம் 20% விழுகிறது, 250-ன் மேல் அல்ல. மிஞ்சுவது 140, இழப்பு 110. கூட்டல் வழி இதையே 125 என்றது. உள்நாட்டுப் பங்கின் 105, பத்திரத்தின் 45 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 260. கூட்டல் வழியின் 275-ஐவிட 15 குறைவு. இதுவரை கூட்டல் வழியின் மேல் உள்ள நம்பிக்கை சரிதான்.

இப்போது ஹெட்ஜ் உள்ளது. நாணயம் விழுந்தால் அதே 110 இழப்பு, ஆனால் ஃபார்வர்டு 50 கொடுக்கிறது. மொத்த இழப்பு 210. நாணயம் ஏறினால் என்ன ஆகிறது என்பதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுவது போலவே போடுவோம்:

```
=250*(1-0.30)*(1+0.20)-250
=-250*0.20
```

முதல் வரி வெளிநாட்டுப் பங்கு: -40. இரண்டாவது வரி ஃபார்வர்டு: -50. ஆக 90 போகிறது. பங்குச் சரிவில் மட்டும் 75 போயிருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக 15. உள்நாட்டுப் பங்கையும் பத்திரத்தையும் சேர்த்தால் மொத்தம் 240.

அந்த 15 எங்கிருந்து வந்தது? பங்கு விழுந்த பிறகு நம்மிடம் இருக்கும் வெளிநாட்டுச் சொத்து 175-தான். விற்று வைத்திருக்கும் நாணயமோ இன்னும் 250. ஆக 75 அலகுக்கு நம் கையில் இல்லாத நாணயத்தை விற்றவர்களாக நிற்கிறோம். அந்த நாணயம் 20% ஏறினால் 15 நட்டம். ஹெட்ஜ் என்று நினைத்து வைத்திருந்தது, சரிவின் நடுவில் ஒரு பந்தயமாக மாறிவிட்டது. பங்கு அதிர்ச்சியைத் தனியாகப் போட்டாலும் இது தெரியாது, நாணய அதிர்ச்சியைத் தனியாகப் போட்டாலும் தெரியாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும்தான் கண்ணில் படும்.

| வழி | ஹெட்ஜ் இல்லாமல் | முழு ஹெட்ஜுடன் |
|---|---|---|
| கூட்டல் | 275 | 225 |
| கோரிலேஷன் | 206 | 186 |
| ஒரே சேர (மிக மோசமான காட்சி) | 260 | 240 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். எல்லாக் கெட்டதையும் கூட்டினால் 225, உண்மையில் ஒரே சேர அடித்தால் 240. கூட்டல் வழிதான் உச்ச வரம்பு என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. சொத்துகளை வெறுமனே வாங்கி வைத்திருப்பவருக்குக் கூட்டல் கடுமையாகவே இருக்கும். ஃபார்வர்டோ ஆப்ஷனோ நுழைந்துவிட்டால் அது தளர்ந்துபோகலாம், எவ்வளவு தளரும் என்பது முன்கூட்டித் தெரியாது.

அப்படியென்றால் ஹெட்ஜ் வேண்டுமா?

கூட்டல் வழி 50 மிச்சம் என்றது. கோரிலேஷன் 20 என்றது. ஒரே சேரப் போட்டாலும் 260-க்கும் 240-க்கும் வித்தியாசம் 20. அட, கோரிலேஷன் வழி சரியாகச் சொல்லியிருக்கிறதே என்று தோன்றும். தற்செயல்தான். காட்சி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நாணயம் விழும் காட்சியில் ஹெட்ஜ் இல்லாவிட்டால் 260, இருந்தால் 210. நாணயம் ஏறும் காட்சியில் ஹெட்ஜ் இல்லாவிட்டால் 190, இருந்தால் 240. ஹெட்ஜ் ஒரு பக்கம் 50 கொடுக்கிறது, மறுபக்கம் அதே 50-ஐ எடுத்துக்கொள்கிறது. பங்குகள் சரியும் நாளில் அந்த நாணயம் எந்தப் பக்கம் போகும் என்பதே உண்மையான கேள்வி. வர்க்கம் எடுத்த கணத்தில் குறி காணாமல் போய்விடுவதால், கோரிலேஷன் சூத்திரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லை.

சில நாணயங்கள் நெருக்கடியில் ஏறும் பழக்கம் உள்ளவை, அதை வைத்தே முடிவு செய்யலாமே என்று கேட்கலாம். யென் அப்படிப்பட்டதாகத்தான் வெகுகாலம் பேர் வாங்கியிருந்தது. 2008-ல் பங்குகள் சரிந்தபோது டாலருக்கு எதிராக நன்றாக ஏறவும் செய்தது. 2022-ல் பங்குகள் மறுபடி சரிந்தபோது, டாலருக்கு 115 என்ற இடத்திலிருந்து அக்டோபரில் 150-ஐத் தாண்டி விழுந்தது. அதனால்தான் எட்டுக் காட்சிகளில் இது நடக்காது என்று எதையும் முன்கூட்டியே அடித்துவிடாமல், எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுப் பிறகு பேசலாம் என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது கணக்கில் பூஜ்யம் வரும் காட்சியில்தான் ஒளிந்திருக்கிறது. பங்கு அசையவே இல்லை, நாணயம் மட்டும் 20% ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் 50 லாபம், ஃபார்வர்டில் 50 நட்டம். நிகரம் பூஜ்யம், சரி. ஆனால் அந்த லாபம் காகிதத்தில் இருக்கிறது, நட்டத்தை ஒப்பந்தம் முடியும் நாளில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். நம்மிடம் உள்ள ரொக்கம் சரியாக 50. ஒரு காசு மிஞ்சாது. பங்குச் சரிவும் அதே வாரம் வந்திருந்தால், அடுத்த தேவைக்கு 30% விழுந்த விலையில் பங்கை விற்கத்தான் வேண்டும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் மதிப்பு இழப்பு என்ற நெடுவரிசையோடு, ரொக்கமாக வெளியே போவது எவ்வளவு என்ற நெடுவரிசையையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

ஒரே சேர அடிக்கும் வழி எங்கே சறுக்கும்

எல்லாம் ஒரே நொடியில் நடப்பதாக இது எடுத்துக்கொள்கிறது. பங்குச் சரிவு நான்கு மாதங்களில் மெதுவாக நடந்தால், ஃபார்வர்டை மாதா மாதம் புதுப்பிக்கும்போது அளவும் குறைந்துகொண்டே வரும்; அந்த 15 பெரும்பாலும் கரைந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பீர்கள் என்றால் அது நிஜமான எண். எத்தனை நாளைக்கான அதிர்ச்சி என்று குறிக்காத 30%, பாதி எண்தான்.

அதிர்ச்சியின் அளவு நிலையானது என்பதும் ஒரு பலவீனம். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று கட்டிக் காத்துவந்த வரம்பைக் கைவிட்டது. ஒரே நாளில் ஃபிராங்க் ஏறக்குறைய 20% ஏறியது. நடுவில் சில நிமிடங்கள் அதைவிடவும் மேலே போனது. முக்கிய நாணயத்துக்கு 6% போதும் என்ற பழைய பட்டியல் அங்கே ஈடு கொடுத்திருக்காது. அசையாமல் கட்டி வைக்கப்பட்ட நாணயத்துக்குக் கடந்த கால ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அளவு வைப்பது, அணை உடையாது என்று நம்பி ஆற்றுக்குள் வீடு கட்டுவது போலத்தான்.

வட்டியில், எல்லாக் காலவரைகளும் ஒரே அளவு நகரும் என்று எடுத்துக்கொண்டோம். பத்திரங்களெல்லாம் ஒரே சுமாரான முதிர்வில் இருந்தால் பாதகமில்லை. பாதி இரண்டாண்டு, பாதி முப்பதாண்டு என்று இருந்தால், குறுகிய முனையும் நீண்ட முனையும் வேறு வேறு அளவு நகரும் காட்சிகளையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் சாஃப்ட்வேர். ஒரே சேர ஓட்டியதாகச் சொல்லிவிட்டு, உள்ளே வெறும் கூட்டல் செய்யும் கருவிகள் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். பங்கு 30% சரிவு மட்டும், நாணயம் 20% ஏற்றம் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். ஹெட்ஜ் உள்ள நம் போர்ட்ஃபோலியோவில் 180, 0, 195 என்று வர வேண்டும். மூன்றாவது சரியாக 180 என்று வந்தால் அது மறுமதிப்பீடு செய்யவில்லை, கூட்டுகிறது. நாணயம் மட்டும் ஏறும் ஓட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 100 லாபம் வந்தால், ஃபார்வர்டு விற்பதற்குப் பதில் வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. 12.5 போன்ற அசட்டு எண் எட்டிப் பார்த்தால், ஒரு வரி நாணய மாற்று விகிதத்தை நேராகவும் இன்னொரு வரி தலைகீழாகவும் எடுத்திருக்கலாம். ஏனென்றால் வெளிநாட்டு நாணயம் 20% ஏறுவது, உள்நாட்டு நாணயம் 20% இறங்குவது ஆகாது. முதலாவது நடந்தால் உள்நாட்டு நாணயம் இறங்குவது 16.7%-தான். இரண்டாவது நடந்தால் வெளிநாட்டு நாணயம் 25% ஏறியிருக்கும். 250-ன் மேல் அந்த 5% வித்தியாசம் 12.5.

நான் எதை எடுப்பேன்

ஹெட்ஜும் ஆப்ஷனும் இல்லாத, வாங்கி வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோ என்றால் கூட்டலே போதும். 260 இருக்க வேண்டிய இடத்தில் 275 என்று கொஞ்சம் மிகைப்படுத்தும், அவ்வளவுதான். ஒரே ஒரு ஃபார்வர்டு உள்ளே வந்தாலும் ஒரே சேர அடிக்கும் வழிக்குத்தான் போவேன். கோரிலேஷன் வழி, விதி கேட்டால் மட்டும். அதில் வரும் எண்ணை வைத்து ஹெட்ஜ் முடிவு எடுக்கமாட்டேன்.

ஒரே சேர அடிக்கும் வழியால் இன்னொரு லாபமும் உண்டு. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு விடைகளுக்கு நடுவிலும் தேட முடிகிறது. ஃபார்வர்டின் அளவை 250-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓட்டினால், நாணயம் ஏறும் காட்சியின் இழப்பு இறங்கும், விழும் காட்சியின் இழப்பு ஏறும். இரண்டும் 225-ல் சந்திக்கின்றன. அப்போது ஃபார்வர்டின் அளவு 175. சரிவுக்குப் பிறகு மிஞ்சும் வெளிநாட்டுப் பங்கின் மதிப்பும் அதே 175. பங்கு அசையாமல் நாணயம் மட்டும் 20% விழுந்தால், மூடாமல் விட்ட 75-ல் 15 போகும். அது இதற்கான விலை. நாணயம் 20% ஏறினால் ரொக்கத்திலிருந்து போவது 50 அல்ல, 35. கையில் 15 மிஞ்சுகிறது.